35 நாள் சைக்கிளுக்கு ப்ரோஜெஸ்டிரான் டெஸ்ட் எந்த நாள் எடுக்கணும்?

அக்காக்களே, ஒரு டவுட்டு. என் தங்கச்சி ஏற்காட்டுல இருக்கா, குழந்தைக்கு ட்ரை பண்றா. பீரியட்ஸ் வந்த 21ஆம் நாள் ப்ரோஜெஸ்டிரான் ரத்த டெஸ்ட் எடுத்தாங்க, 0.8 தான் வந்துச்சு, முட்டை வெடிக்கலைன்னு சொல்லிட்டாங்க, பாவம் அழுதுட்டே இருக்கா. ஆனா அவளுக்கு 35 நாளைக்கு ஒரு தடவதான் பீரியட்ஸ் வரும், 21ங்கறது 28 நாள் சைக்கிள்காரங்களுக்கு உள்ள கணக்குதானே? முட்டை வெடிச்சு ஒரு வாரத்துலதான் ப்ரோஜெஸ்டிரான் உச்சத்துக்குப் போகும், அதுக்கு ஒரு வாரம் கழிச்சு பீரியட்ஸ் வரும், அதனால அடுத்த பீரியட்ஸ்ல இருந்து 7 நாள் பின்னாடி எண்ணணும். அப்படிப் பாத்தா இவளுக்கு 21ஆம் நாள்தான் முட்டையே வெடிக்கிற சமயம், அன்னிக்கு கம்மியாத்தானே காட்டும்? 28ஆம் நாள் எடுத்து 3 நானோகிராமுக்கு மேல இருந்தா வெடிச்சிருக்குன்னு அர்த்தம்.

இப்ப குழப்பம் என்னன்னா சில மாசம் 32, சில மாசம் 38னு மாறுது. 25ஆம் நாள் ஆரம்பிச்சு பீரியட்ஸ் வர்ற வரைக்கும் வாரம் ஒரு தடவ எடுக்கலாமா, இல்ல ஃபாலிக்குலர் ஸ்கேன்ல வெடிச்ச நாளப் பாத்துட்டு 7 நாள் கழிச்சு எடுக்கறது நல்லதா? ஒவ்வொரு தடவையும் மலை இறங்கி சேலம் வரணும். இப்படி எடுத்தவங்க இருந்தா சொல்லுங்க, டாக்டர்கிட்ட கேட்க வசதியா இருக்கும்.