தை மாதக் கோப்பை: மழை வந்தால் எந்த ஆட்டம் எப்போது?

அனைவருக்கும் வணக்கம். அஞ்சு அணி, ஒரே மைதானம், பத்து ஆட்டம். சனவரி 9 முதல் 13 வரை தினம் காலை 9 மணிக்கு ஒன்று, மதியம் 2 மணிக்கு ஒன்று. 14 போகி, அன்று மழைக்கு ஒதுக்கு நாள். 15 பொங்கலன்று மட்டையைத் தொட்டால் வீட்டில் சோறு கிடைக்காது, அதனால் விடுமுறை. 16 இன்னொரு ஒதுக்கு நாள், 17 காணும் பொங்கலில் இறுதி ஆட்டம். வரிசை இப்படி:

9: மேலத்தெரு–கீழத்தெரு, வடக்கு–தெற்கு
10: மேலத்தெரு–அக்கரை, கீழத்தெரு–வடக்கு
11: தெற்கு–அக்கரை, மேலத்தெரு–வடக்கு
12: கீழத்தெரு–அக்கரை, மேலத்தெரு–தெற்கு
13: வடக்கு–அக்கரை, கீழத்தெரு–தெற்கு

எந்த அணியும் ஒரே நாளில் இரண்டு முறை ஆடாது, ஒவ்வொரு அணிக்கும் ஒரு நாள் முழு ஓய்வு. சரிதானே?
— தோகாவிலிருந்து

தம்பி, ஓய்வு நாளில் அந்த அணிக்குச் சாப்பாடு யார் பொறுப்பு? போன தடவை நான்தான் ரெண்டு மூட்டை அரிசி வாங்கிக் கொடுத்தேன், கணக்கு இன்னும் வரவில்லை.
— சிங்கப்பூர் மாமா

மாமா, சாப்பாட்டுக் கணக்கு தனி மடலில் போகட்டும். மழைக்கு எதுக்கு இவ்வளவு யோசனை? டக்வொர்த்–லூயிஸ் போட்டால் போச்சு. 2019 உலகக் கோப்பை அரையிறுதியில் மழை வந்ததும் அப்படித்தானே?
— துபாய்

இல்லை தம்பி. அன்று நியூசிலாந்து 46.1 ஓவரில் 211க்கு 5 என்று இருந்தபோது நின்றது, மறுநாள் அதே இடத்திலிருந்துதான் தொடர்ந்தார்கள். டக்வொர்த்–லூயிஸ் பாதி ஆடிய ஆட்டத்துக்கு இலக்கை மாற்றித் தரும், ஒரு பந்துகூடப் போடாத ஆட்டத்துக்கு அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை. நம்ம ஊரில் பிரச்சினையே அதுதான். ராத்திரி பெய்யும் மழை விடியும்போது நின்றுவிடும், ஆனால் களிமண் மைதானம் காலை ஒன்பதுக்குக் காயாது. மதியம் ஆடலாம்.

இப்போது வரிசையைப் பாருங்கள், அக்கரையின் நாலு ஆட்டமும் காலையில். 10, 11 இரண்டு காலையும் ஈரம் என்று வையுங்கள். நின்றுபோனவை மேலத்தெரு–அக்கரை, தெற்கு–அக்கரை. இரண்டையும் 14க்குத் தள்ளினால் அக்கரை 12, 13 காலை ஆடிவிட்டு 14இல் காலையும் மதியமும் ஆடணும். மற்ற எந்த அணிக்கும் அந்தப் பாடு இல்லை.

அதனால் நின்ற ஆட்டத்தைத் தூக்கி ஒதுக்கு நாளில் வைக்காதீர்கள், முழு வரிசையையும் நழுவ விடுங்கள். பத்தையும் ஒரே வரிசையாக, மேலிருந்து கீழே, ஒரு நாளில் காலை, பிறகு மதியம் என்று படியுங்கள். அடுத்தடுத்த எந்த இரண்டு ஆட்டத்திலும் பொது அணி இல்லை. எனவே மைதானம் எப்போது காய்ந்தாலும் வரிசையில் அடுத்ததை ஆடினால் போதும், யாரும் ஒரே நாளில் இருமுறை ஆடமாட்டார்கள். மேலே சொன்ன மழையிலேயே 10 மதியம் மேலத்தெரு–அக்கரை, 11 மதியம் கீழத்தெரு–வடக்கு, 12 முதல் தினம் இரண்டு, 14 மதியம் கீழத்தெரு–தெற்கோடு முடிகிறது. ஒதுக்கு 14, 16 இரண்டும் சேர்த்து நாலு வேளை வரை இழக்கலாம். அஞ்சாவது வேளையும் போனால் கடைசி ஆட்டத்துக்குப் புள்ளியைப் பங்கிட வேண்டியதுதான்.

அப்புறம், நாலு அணி மட்டும் இருந்தால் இந்த ஏற்பாடே நடக்காது. முதல் இரண்டு ஆட்டத்தில் நாலு அணியும் ஆடிவிடும், மூன்றாவதில் போன ஆட்டத்தில் ஆடிய ஒருவராவது வந்தே தீரணும்.
— டொராண்டோவிலிருந்து

அண்ணே, கேட்க நல்லா இருக்கு. என் மச்சான் கீழத்தெருவுக்கு ஆட மஸ்கட்டிலிருந்து வருகிறான், 13 ராத்திரி திரும்ப விமானம். வரிசை நழுவினால் அவன் கடைசி ஆட்டம் ஆட முடியாது. லீவு போட்டு வருகிறவனுக்குத் தேதி நிச்சயம் வேண்டாமா?
— துபாய்

இது உண்மையான குறைதான். பதினொரு பேரோடு கூட மூணு பேரைப் பெயர் கொடுத்து வையுங்கள், வேறு வழி எனக்குத் தெரியவில்லை.
— டொராண்டோ

நான் அக்கரை வீட்டுப் பிள்ளை, அதனால் கேட்கிறேன். மார்கழிப் பனியில் காலை ஒன்பதுக்குப் புல்லில் பந்து உருண்டால் நனைந்து சோப்புக்கட்டி மாதிரி வழுக்கும், ஸ்பின் போடவே முடியாது. நாலும் எங்களுக்கா? 13ஆம் தேதி மட்டும் காலையையும் மதியத்தையும் மாற்றக்கூடாதா?
— லண்டனிலிருந்து

மாற்றலாம் தங்கச்சி. மாற்றினால் தெற்கு 12 மதியம் ஆடிவிட்டு 13 காலை மறுபடி வரணும். ஒரு ராத்திரி இடைவெளி இருப்பதால் அது பெரிதில்லை. ஆனால் மழையில் ஒரே ஒரு வேளை நழுவினால் அந்த இரண்டும் ஒரே நாளில் விழும், காலையும் மதியமும் தெற்கு அணியே ஆடணும். அந்த ஓய்வைத்தானே காப்பாற்றப் பார்த்தோம்? வேண்டுமானால் காலை ஆட்டத்தைப் பத்துக்குத் தொடங்கலாம், பனி கொஞ்சம் காய்ந்துவிடும். ஆனால் மதிய ஆட்டம் இருட்டுக்கு முன் முடியுமா என்று ஊரில் இருப்பவர்கள்தான் சொல்லணும்.
— டொராண்டோ

தெற்குத்தெரு கேப்டனிடம் பேசிவிட்டுச் சொல்கிறேன். அவர் இன்னும் போன வருட ரன் அவுட்டையே பேசிக்கொண்டிருக்கிறார்.
— தோகா

சரி, அரிசி எத்தனை மூட்டை?
— சிங்கப்பூர் மாமா