பதவி உயர்வுக் கடிதம்: புது கிரேடு, புது மேலதிகாரி. உங்கள் அனுபவம் என்ன?

ஒரகடம் குவாலிட்டி:
வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் இன்ஸ்பெக்டராக இருந்தேன். 2023 நவம்பர் 1 முதல் குவாலிட்டி ஷிஃப்ட் இன்சார்ஜ் என்று கடிதம் கொடுத்தார்கள். ஒரே பக்கம்தான். பணியாளர் கிரேடிலிருந்து ஸ்டாஃப் கிரேடு. மொத்தச் சம்பளம் 19,800லிருந்து 23,500. கீழே ஆறு இன்ஸ்பெக்டர்கள். அதுவரை புரொடக்‌ஷன் மேனேஜருக்குக் கீழே இருந்தேன், இனிமேல் பிளான்ட் குவாலிட்டி ஹெட்.

வீட்டில் 3,700 ரூபாய் ஏறிவிட்டது என்று சந்தோஷப்பட்டார்கள். ஆனால் ஸ்டாஃப் கிரேடுக்கு ஓவர்டைம் கிடையாது. அதற்கு முன் மாதம் 16 மணி நேரம்போல ஓவர்டைம் பார்ப்பேன், இரட்டிப்புக் கணக்கில் 3,000 வரும். அதைக் கழித்தால் உண்மையில் ஏறியது 700 சொச்சம். கடிதத்தில் ஓவர்டைம் பற்றி ஒரு எழுத்துகூட இல்லை, கிரேடு மாறியது என்ற வரியிலேயே அது போய்விட்டது.

பணத்தைக்கூட விடுங்கள். டிசம்பரில் ஒரு நைட் ஷிஃப்டில் ஒரு பிராக்கெட் லாட்டில் துளை அளவு எல்லையைத் தாண்டி இருந்தது. ஹோல்ட் டேக் போட்டு ஒதுக்கினேன். லாரி வாசலில் நிற்கிறது. பழைய மேனேஜர் போனில் வந்து, "நீ இன்னும் என் ஆள்தான்யா, மார்ச் அப்ரைசல் நான்தான் போடப்போறேன், லாட்டை விடு" என்றார். போர்ட்டலில் பார்த்தால் அவர் சொன்னது சரி. என் லீவ் கோரிக்கைகூட இன்னமும் அவருக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. கடிதத்தில் ஒருவர், சிஸ்டத்தில் வேறொருவர். லாட்டை விடவில்லை. ஆனால் அந்த இரவு என் கையில் காட்டுவதற்கு ஒன்றுமில்லை.

மலைக்கோட்டை மணி:
தம்பி, முதலில் இ.எஸ்.ஐ.யைப் பாருங்கள். 21,000 தாண்டிய அன்றே கார்டு செத்துவிடும். என் மச்சானுக்கு அப்படித்தான் ஆனது. இந்த ஸ்டாஃப் கிரேடே கம்பெனிக்காரன் செலவைக் குறைக்கச் செய்யும் வேலை. கையெழுத்து போடாமல் இழுத்தடியுங்கள்.

எச்.ஆர். அக்கா:
மணி அண்ணா, 21,000 எல்லை சரி. அன்றே நின்றுவிடும் என்பது சரியில்லை. இ.எஸ்.ஐ. கணக்கு ஏப்ரல்–செப்டம்பர், அக்டோபர்–மார்ச் என்று இரண்டு அரையாண்டாக ஓடுகிறது. நடுவில் சம்பளம் எல்லையைத் தாண்டினாலும் அந்த அரையாண்டு முடியும்வரை பிடித்தம் தொடரும், அதுவும் புதுச் சம்பளம் முழுவதற்கும். தம்பிக்கு நவம்பரில் ஏறியதால் மார்ச் 31 வரை 23,500க்கு 0.75 சதவீதம், அதாவது 177 ரூபாய் பிடிப்பார்கள். அந்த அரையாண்டுக்கான பலன் ஜூலை முதல் டிசம்பர் வரை உண்டு. இன்னொன்று, ஓவர்டைம் பணம் அந்த 21,000 எல்லைக் கணக்கில் வராது, பிடித்தத்துக்கு மட்டும் வரும். அதனால்தான் 22,800 வாங்கிய மாதங்களிலும் தம்பி உள்ளே இருந்தார்.

நீங்கள் கேட்க வேண்டியது வேறு. கம்பெனியின் குரூப் மெடிக்கல் பாலிசியில் எந்தத் தேதியில் சேர்ப்பார்கள், அப்பா அம்மா அதில் உண்டா? இ.எஸ்.ஐ.யில் உங்களை நம்பியிருக்கும் பெற்றோருக்கும் பார்ப்பார்கள். பல கம்பெனி பாலிசிகளில் மனைவி, பிள்ளைகளோடு சரி.

மேலதிகாரி விஷயத்தில் உங்கள் எச்.ஆர். பாதி வேலைதான் செய்திருக்கிறார்கள். கடிதம் அடிப்பது ஒருவர், சிஸ்டத்தில் மேனேஜர் பெயரை மாற்றுவது இன்னொருவர். நாங்கள் செய்யும் முறையைச் சொல்கிறேன். மாற்றத் தேதிக்கு முந்தைய நாள்வரை பழைய மேலதிகாரி ஒரு மதிப்பீடு போட்டு மூடிவிட வேண்டும். உங்கள் கணக்கில் அது ஏப்ரல் முதல் அக்டோபர், ஏழு மாதம். நவம்பரிலிருந்து புது இலக்குகள், புது ஆள். மார்ச்சில் குவாலிட்டி ஹெட்தான் இறுதி மதிப்பெண் போடுவார், பழையது அவர் பார்வைக்கு இருக்கும். இந்த ஏற்பாடு கடிதத்தில் வராது, மெயிலில் கேட்டு வாங்குங்கள். "நவம்பர் 1 முதல் என் அப்ரைசலையும் லீவையும் யார் அங்கீகரிப்பார்கள்?" என்று ஒரே கேள்வி போதும்.

தபால்துறை தாத்தா:
எங்கள் காலத்தில் உயர்வு ஆணை வந்தால் ஒரு மாதத்துக்குள் விருப்பக் கடிதம் கொடுக்க வேண்டும். உயர்வு பெற்ற நாளிலிருந்தே சம்பளம் நிர்ணயிக்க வேண்டுமா, அடுத்த இன்கிரிமென்ட் தேதியிலிருந்தா என்று. தம்பி அதைக் கொடுத்தாரா? கொடுக்காவிட்டால் நஷ்டம்.

எச்.ஆர். அக்கா:
ஐயா, அது மத்திய அரசு ஊழியர்களுக்கான விதி. தனியாரில் அப்படி ஒரு தேர்வு கிடையாது, கடிதத்தில் போட்ட தேதிதான்.

தபால்துறை தாத்தா:
சரி சரி. ஆனாலும் தேதியைக் கேட்டு வைப்பது நல்லது.

ஆடிட்டர் ஸ்ரீபெரும்புதூர்:
அப்ரைசலைவிட எனக்கு அந்த நைட் ஷிஃப்ட்தான் முக்கியமாகப் படுகிறது. உங்கள் கம்பெனி வாகனத் தொழிலுக்கான ஐ.ஏ.டி.எஃப். 16949 தரச் சான்றிதழ் வைத்திருக்குமே? அதில் 5.3.2 என்ற பிரிவைப் புரட்டுங்கள். தயாரிப்பின் தரத்துக்குப் பொறுப்பானவர்களுக்கு அனுப்புதலையும் உற்பத்தியையும் நிறுத்தும் அதிகாரம் இருக்க வேண்டும் என்கிறது. எல்லா ஷிஃப்டிலும் அப்படி ஒருவர் இருக்க வேண்டும் என்பதும் அங்கேயே வருகிறது. இரவு ஷிஃப்டில் அந்த ஒருவர் நீங்கள்தான்.

நான் பார்த்த கடிதங்களில் பெரும்பாலானவை பொறுப்புகளை வரிசையாக அடுக்கும், அதிகாரத்தைச் சொல்லாது. "லாட் பரிசோதனையை உறுதி செய்தல்" என்று இருக்கும். தவறான லாட்டை நிறுத்தலாமா என்று இருக்காது. ஆடிட்டில் நாங்கள் கடிதத்தைக் கேட்க மாட்டோம். ஷிஃப்டில் நிற்பவரிடம் நேரே போய், "இப்போது குறை கண்டால் யாரைக் கேட்டு நிறுத்துவீர்கள்?" என்போம். அவர் புரொடக்‌ஷன் மேனேஜர் பெயரைச் சொன்னால் என் பேனா தானாக எழுத ஆரம்பித்துவிடும்.

மலைக்கோட்டை மணி:
அதெல்லாம் சுவரில் மாட்டும் சான்றிதழ் சார். லாரி வாசலில் நிற்கும்போது 5.3.2 வந்து பேசுமா?

ஆடிட்டர் ஸ்ரீபெரும்புதூர்:
பேசாதுதான். ஆனால் வாடிக்கையாளர் அந்த லாட்டைத் திருப்பி அனுப்பினால் ரிலீஸ் தாளில் யார் கையெழுத்து என்றுதான் முதலில் தேடுவார்கள். போனில் சொன்னவர் பெயர் அதில் இருக்காது.

ஒரகடம் குவாலிட்டி:
அக்கா சொன்ன கேள்வியை மெயிலில் அனுப்பினேன். லீவ் இப்போது குவாலிட்டி ஹெட்டுக்குப் போகிறது. சார் சொன்ன பிரிவைக் காட்டி, கடிதத்துக்கு ஒரு இணைப்பும் கேட்டேன். "அளவு எல்லை மீறிய லாட்டை நிறுத்தவும், தேவைப்பட்டால் லைனை நிறுத்தவும் அதிகாரம் உண்டு. விடுவிக்க பிளான்ட் குவாலிட்டி ஹெட்டின் எழுத்துபூர்வ ஒப்புதல் தேவை" என்று கொடுத்துவிட்டார்கள். அப்பா அம்மா பாலிசியில் இல்லையாம், தனியாக எடுக்க வேண்டும். ஏழு மாத மதிப்பீட்டைத்தான் பழைய மேனேஜர் இன்னும் மூடவில்லை. எச்.ஆர். நினைவூட்டிக்கொண்டே இருக்கிறது. அவர் போடாமலே மார்ச் வந்துவிட்டால் என்ன செய்வார்கள் அக்கா?

எச்.ஆர். அக்கா:
எங்கள் இடத்தில் புது மேலதிகாரியே முழு ஆண்டுக்கும் போடுவார். சில கம்பெனிகளில் அந்தப் பகுதிக்கு நடு மதிப்பெண் போட்டுவிடுவார்கள். உங்கள் பாலிசித் தாளில் என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.