புதுப்பிப்பு: காற்றுக் கசிவில் போன மின்சாரம்

"எந்தக் கருவியும் ஓடாதபோதே கம்ப்ரசர் அடிக்கடி ஓடுகிறது, ஏன்?" என்று என் பட்டறையின் காற்றுக் கம்ப்ரசரைப் பற்றிக் கேட்டிருந்தேன்.

ஒருவர் சொன்னபடி, எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு நேரம் பார்த்தேன். 2 நிமிடம் ஓட்டம், 6 நிமிடம் ஓய்வு. அதாவது கம்ப்ரசரின் திறனில் கால்வாசி கசிவில் வீண். மோட்டார் ஓடும்போது 7.5 கிலோவாட் இழுக்கிறது. ஆண்டுக்கு 3000 மணி நேரத்துக்கு 5625 யூனிட்!

"சத்தம் வரும் இடத்தைப் பாருங்கள்" என்றார் இன்னொருவர். பாதி சரி. பட்டறை இரைச்சலில் எதுவும் கேட்கவில்லை. இரவில் சோப்பு நுரை தடவியதும், காற்றுக் குழாயை மாட்டும் குவிக் கப்ளிங்கில் குமிழ் பொங்கியது. உள்ளே வாஷர் விரிசல் விட்டிருந்தது. வடிகால் வால்வும் சரியாக மூடவில்லை.

மாற்றியபின் 1 நிமிடம் 40 நொடி ஓடி, 15 நிமிடம் ஓய்கிறது. கசிவு பத்து சதவீதம், 2250 யூனிட். மீதி எங்கே என்று இன்னும் தேடுகிறேன்.