மெயிலில் "10 -20%" என்று போய்விட்டது: உங்களுக்கும் இப்படி நடந்திருக்கிறதா?

மிஷன் வீதி ரிசர்வேஷன்

புதுச்சேரி ஒயிட் டவுன் பக்கம் ஒரு சின்ன கெஸ்ட் ஹவுஸில் புக்கிங் பார்க்கிறேன். ஜூலையில் கூட்டம் குறைவு என்று எங்கள் மேனேஜர் ஒரு பிரெஞ்சு டிராவல் ஏஜென்ட்டுக்குத் தள்ளுபடி மெயில் போட்டார். அதில் இருந்த வரி இதுதான்:

```
July offer: Deluxe 10 -20% off
```

மேனேஜர் மனதில் இருந்தது பத்து முதல் இருபது சதவீதம். நான்கு ராத்திரி வரை தங்கினால் 10, அதற்கு மேல் தங்கினால் 20. ஏஜென்ட் அம்மா படித்ததோ வேறு: டீலக்ஸ் அறை பத்து இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் இருபது சதவீதம் குறைவு. எங்களிடம் டீலக்ஸ் மொத்தமே ஆறுதான். "சரி, ஆறையும் கொடுங்கள்" என்று இரண்டு ராத்திரிக்கு ஒரு குரூப்பை அனுப்பிவிட்டார்கள்.

ஒரு அறை 4,000 ரூபாய். எங்கள் கணக்கில் 3,600, அவர்கள் கணக்கில் 3,200. அறைக்கு ராத்திரிக்கு 400 வித்தியாசம். ஆறு அறை, இரண்டு ராத்திரி என்றால் 4,800 ரூபாய். பெரிய தொகை இல்லைதான், ஆனால் பில் போடும் நேரத்தில் கவுண்டரில் நின்று பேச்சு வாங்கியது நான். மெயிலை எடுத்துக் காட்டினார்கள். அவர்கள் போனில் அந்த வரி 10 என்பதோடு உடைந்து, அடுத்த வரி -20% என்று தொடங்கியிருந்தது. அதைப் பார்த்தபின் மேனேஜர் ஒன்றும் சொல்லாமல் 3,200க்கே பில் போடச் சொல்லிவிட்டார்.

இப்போது எல்லா மெயிலையும் என்னைப் பார்த்து அனுப்பச் சொல்கிறார். இந்தக் கோடு விஷயத்தில் உங்கள் அலுவலகங்களில் என்ன நடந்தது என்று சொல்லுங்கள்.

மஞ்சக்குப்பம் வாத்தியார்

முப்பது வருடத்துக்கு மேல் இங்கிலீஷ் நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன். இரண்டு எண்ணுக்கு நடுவில் ஹைஃபன் போடுவதே தப்பு. ஹைஃபன் வார்த்தையோடு வார்த்தையைச் சேர்ப்பதற்கு. எண்களுக்கு நடுவில் கொஞ்சம் நீளமான டேஷ்தான் வர வேண்டும். ஹைஃபன் வர வேண்டிய இடம் வேறு: பெயர்ச்சொல்லுக்கு முன்னால் அடையாக வந்தால் கட்டாயம் சேர்த்து எழுத வேண்டும். nine-to-five job, ten-per-cent discount. இதைப் பள்ளியிலேயே சரியாகப் படித்திருந்தால் 4,800 ரூபாய் மிச்சம்.

நெய்வேலி ரோடு

எங்கள் ஆபீஸிலும் இதே கதைதான் சார். ஆர்டரில் 9-5 என்று போட்டிருப்பார்கள். எட்டு மணிக்குக் கூட பையைத் தூக்க முடியாது. யார் கேட்பது?

மிஷன் வீதி ரிசர்வேஷன்

அண்ணே, நான் கேட்டது அந்தக் கோட்டைப் பற்றி. ஆனாலும் உங்கள் வருத்தம் புரிகிறது.

லாஸ்பேட்டை ப்ரூஃப்

வெளிநாட்டுப் பத்திரிகைகளுக்கு டைப்செட்டிங் செய்யும் வேலையில் இருக்கிறேன். நாள் முழுக்க இந்தக் கோடுகள்தான் எனக்குச் சோறு. வாத்தியார் சார் சொன்னதில் பாதியை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். அச்சில் வரும் பக்கத்தில் 10–20 என்று எழுதும்போது நடுவில் இருப்பது en dash, சார் சொன்ன அந்த நீளமான டேஷ்தான். ஹைஃபன் விட்டிருந்தால் நாங்கள் திருத்திவிடுவோம். ஆனால் மெயில் அச்சுப் பக்கம் இல்லை. கீபோர்டில் இருக்கும் சின்னக் கோட்டைப் போட்டு 10-20% என்று அனுப்பினால் யாரும் தப்பாகப் படிக்க மாட்டார்கள்.

உங்கள் மேனேஜர் மெயிலில் கோட்டின் நீளம் பிரச்சினையே இல்லை. ஒரு பக்கம் மட்டும் விட்ட இடைவெளிதான் பிரச்சினை. 10க்கும் கோட்டுக்கும் நடுவில் ஸ்பேஸ் விட்டு, கோட்டை 20ஓடு ஒட்டினால் அது மைனஸ் ஆகிவிடுகிறது. அந்த ஸ்பேஸ் இருக்கிற இடத்தில்தான் போனும் வரியை உடைக்கும். நீளமான டேஷைப் போட்டு, இப்படியே இடைவெளி விட்டிருந்தாலும் இதே பில்தான் வந்திருக்கும். இரண்டு எண்ணோடும் கோட்டை ஒட்டி எழுதுங்கள், இல்லையென்றால் to போடுங்கள். பணம் சம்பந்தப்பட்ட வரியில் நான் எப்போதும் to பக்கம்தான்.

வாத்தியார் சாரோடு ஒத்துப்போகாத இடம் அந்த ten-per-cent discount. nine-to-five job சரி. job என்ற சொல்லுக்கு முன்னால் அடையாக வருவதால் மூன்று வார்த்தையையும் கோர்க்கிறோம். அதுவே பின்னால் வந்தால் கோர்க்க மாட்டோம்:

```
We run a nine-to-five counter.
The counter is open nine to five.
```

ஆனால் சதவீதத்துக்கு இந்த விதி ஓடாது. a 10 per cent discount என்று கோடே இல்லாமல் விடுவதுதான் நான் பார்த்த ஸ்டைல் கைடுகளின் வழக்கம். எண்ணும் per centம் ஏற்கெனவே ஒட்டித்தான் நிற்கின்றன, யாரும் பிரித்துப் படிக்கப் போவதில்லை. எண்ணையே எழுத்தில் எழுதினால் twenty-five என்று அதற்குள் வரும் ஹைஃபன் மட்டும் இருக்கும்.

மஞ்சக்குப்பம் வாத்தியார்

எங்கள் காலத்து இலக்கணப் புத்தகத்தில் அப்படி இல்லை, தம்பி. தேடிப் பார்த்துவிட்டு வருகிறேன்.

சிப்காட் ஸ்டோர்ஸ்

கடலூர் சிப்காட்டில் ஒரு யூனிட்டில் பர்ச்சேஸ் பார்க்கிறேன். என் கதை மெயிலிலிருந்து எக்செலுக்குப் போனது. சப்ளையர் ஒருவர் கோடௌன் நேரத்தை 9-5 என்று மெயிலில் எழுதியிருந்தார். ஜூனியர் பையன் அதை ஷீட்டில் அடித்தான். செல்லில் 09-May என்று ஆகிவிட்டது. அவனுக்கு அடுத்து வந்தவர் "மே 9ஆம் தேதி டெலிவரி" என்று எடுத்துக்கொண்டு வண்டிக்குச் சொல்லிவிட்டார்.

செல்லை டெக்ஸ்ட் என்று அப்புறமாக மாற்றினாலும் பழைய 9-5 திரும்ப வராது. ஏதோ ஐந்து இலக்க எண் வந்து நிற்கும், எக்செல் தேதியை அப்படித்தான் உள்ளே வைத்துக்கொள்கிறது. அடிப்பதற்கு முன்பே செல்லை டெக்ஸ்ட் ஆக்க வேண்டும், அல்லது முன்னால் ஒரு ஒற்றை மேற்கோள் போட வேண்டும். நாங்கள் இரண்டையும் விட்டுவிட்டோம். 9 to 5 என்று எழுதினால் எக்செல் அதைத் தொடுவதே இல்லை.

இன்னொரு சந்தேகம். கிரெடிட் 30 நாளிலிருந்து 45 நாள் என்பதை இங்கிலீஷில் எங்கள் ஆட்கள் "from 30-45 days" என்று எழுதுகிறார்கள். ஆடிட்டர் ஒவ்வொரு முறையும் வட்டம் போடுகிறார். ஏன் என்று மட்டும் சொல்ல மாட்டார்.

லாஸ்பேட்டை ப்ரூஃப்

ஆடிட்டர் வட்டம் போட்டது நியாயம்தான். from என்று ஆரம்பித்தால் அது to வரும் என்று காத்திருக்கிறது. நடுவில் கோட்டைப் போட்டால் பாதியில் விட்ட மாதிரி ஆகும். between போட்டால் and வர வேண்டும். கோடு வேண்டுமென்றால் முன்னால் இருக்கிற from-ஐ எடுத்துவிடுங்கள்:

```
Payment within 30-45 days
Payment from 30 to 45 days
Payment between 30 and 45 days
```

இந்த மூன்றில் எதை எழுதினாலும் ஆடிட்டர் பேனா எடுக்க மாட்டார் என்று நினைக்கிறேன். அடையாக வந்தால் மட்டும் 30- to 45-day credit என்று முதல் எண்ணுக்குப் பின்னால் தொங்கலாக ஒரு ஹைஃபன் நிற்கும், அதற்குப் பிறகு ஸ்பேஸ். பார்க்க விசித்திரமாக இருக்கும், தப்பில்லை. மெயிலில் அதைப் பார்த்துப் பாதிப் பேர் தட்டுப்பிழை என்று திருத்திவிடுவார்கள் என்பதால் நானே வாக்கியத்தை மாற்றி எழுதிவிடுவேன்.

முத்தியால்பேட்டை மலர்

நான் பிரெஞ்சு மெயில் எழுதுகிற ஆள். அந்த ஏஜென்ட் அம்மாவின் பக்கம் கொஞ்சம் பேசுகிறேன். பிரான்ஸில் தள்ளுபடி சீசனில் கடைக் கண்ணாடி முழுக்க -20 % என்றுதான் ஒட்டியிருப்பார்கள். ஒரு பிரெஞ்சுக்காரர் கண்ணுக்கு அந்தக் கோடும் அந்த எண்ணும் ஒன்றாகச் சேர்ந்தால் அது தள்ளுபடிதான், வேறு அர்த்தமே தோன்றாது. நம் ஊர் ஆள் "ஏதோ தட்டுப்பிழை" என்று ஒரு நிமிடம் யோசிப்பார். பிரெஞ்சுக்காரருக்கு யோசிக்கவே காரணம் இல்லை.

பிரெஞ்சில் நீங்கள் எழுதுவதாக இருந்தால் de 10 à 20 % என்று போடுங்கள். சதவீதக் குறிக்கு முன்னால் ஒரு ஸ்பேஸ் வரும், அது அங்கே முறை. இங்கிலீஷ் மெயிலில் அந்த ஸ்பேஸ் வேண்டாம். எங்கள் வீட்டில் அப்பா இரண்டையும் கலந்துதான் எழுதுவார். அவரைத் திருத்த யாருக்கும் தைரியம் இல்லை.

மிஷன் வீதி ரிசர்வேஷன்

ஆகஸ்ட் மெயிலுக்கு இப்படி எழுதி வைத்திருக்கிறேன் அக்கா. பார்த்துச் சொல்லுங்கள்:

```
Deluxe rooms: 10% off for 1 to 4 nights,
20% off for 5 nights or more.
Counter hours: 9 am to 5 pm.
```

லாஸ்பேட்டை ப்ரூஃப்

இதில் 10 முதல் 20 என்ற வீச்சே போய்விட்டது, அதுதான் நல்லது. ஏஜென்ட்டுக்குத் தேவை எந்த எண் எப்போது என்பது. am, pm போட்டதும் சரி. வெறும் 9-5 என்பது ஆபீஸ் நேரம் என்று நமக்குத் தெரியும், ராத்திரி ரயிலில் வந்து இறங்குகிறவருக்குத் தெரியாது.

வீச்சாகவே எழுத வேண்டி வந்தால் 10% to 20% என்று இரண்டு பக்கமும் குறி போடுங்கள் என்பேன். 10 to 20% என்று ஒரே குறி போடும் பதிப்பகங்களும் உண்டு, எங்களுக்கு வரும் பத்திரிகைகளில் இரண்டு வகையும் இருக்கிறது. ஒரு மெயிலுக்குள் மாற்றி மாற்றி எழுதாமல் இருந்தால் போதும்.

மஞ்சக்குப்பம் வாத்தியார்

புத்தகத்தைப் பார்த்தேன். சதவீதத்துக்கு அவர்கள் கொடுத்த உதாரணங்களில் ஹைஃபன் இல்லை. சரி, அது தம்பி சொன்னபடியே இருக்கட்டும். ஆனால் எண்ணுக்கு நடுவில் டேஷ் என்பதை விட மாட்டேன். மெயிலாக இருந்தாலும்தான். என் பேரன் வேர்டில் கன்ட்ரோல் கீயோடு நம்பர் பேடில் இருக்கும் மைனஸை அழுத்தினால் வந்துவிடுகிறது என்று காட்டினான்.

லாஸ்பேட்டை ப்ரூஃப்

நம்பர் பேடே இல்லாத லேப்டாப்பில் என்ன செய்வது சார்?

முதுநகர் ஐஸ்

துறைமுகம் பக்கம் கோல்டு ஸ்டோரேஜில் இருக்கிறேன். உறைய வைத்த மீனை மைனஸ் 18 டிகிரிக்குக் கீழே வைக்க வேண்டும். பையர் மெயிலில் எங்கள் சூப்பர்வைசர் அறை வெப்பநிலையை இப்படி எழுதுகிறார்:

```
Store temp -18--22 C
```

எதிர் பக்கத்திலிருந்து "நடுவில் இருப்பது என்ன?" என்று பதில் வந்திருக்கிறது. இதற்கு எந்தக் கோடு?

லாஸ்பேட்டை ப்ரூஃப்

எந்தக் கோடும் வேண்டாம் அண்ணே. எண்ணே மைனஸில் இருந்தால் வாத்தியார் சார் டேஷும் காப்பாற்றாது. -18 to -22 °C என்று எழுதச் சொல்லுங்கள். போன வார மெயில்களில் இன்னும் எத்தனை இப்படிப் போயிருக்கிறது என்று ஒரு முறை தேடிப் பார்ப்பதும் நல்லது.