வெந்தயம் கருகிடுச்சு: மகள் கேட்ட சாம்பார்பொடிக் கணக்கு

அடுக்களை_அம்மா
மகளோட கடிதம் இது. என்ன பதில் எழுதலாம்?
"அம்மா, நீ சொன்ன படிக்கணக்கு எனக்குப் புரியல. 100 கிராம் மல்லிக்கு மத்ததெல்லாம் எவ்வளவுன்னு எழுது. எடின்பரோல வெயிலும் இல்ல, மில்லும் இல்ல. கரண்ட் அடுப்பும் சின்ன மிக்ஸியும்தான். போன தடவை எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டு வறுத்தேன். வெந்தயம் காப்பிக்கொட்டை நிறமாகி, பொடி கசக்குது."

அஞ்சறைப்பெட்டி
மல்லி 100 கிராம், மிளகாய் வற்றல் 50, துவரம்பருப்பு 20, கடலைப்பருப்பு 20, மிளகு ரெண்டு டீஸ்பூன், வெந்தயம் தலைதட்டி ஒரே டீஸ்பூன், மஞ்சள்தூள் ஒண்ணு.
தனித்தனியா வறுக்கச் சொல்லுங்க. பருப்பு சிவக்க நேரமாகும், வெந்தயத்துக்கு அரை நிமிஷம் போதும். ஒண்ணாப் போட்டா ஏதாவது ஒண்ணு கெடும். முதல்ல பருப்பு: ஒண்ணைக் கடிச்சா மொறுக்குனு உடையணும். அப்புறம் மல்லி, மணம் வந்ததும் எடுத்திடலாம். மிளகு வெடிச்சா போதும். கடைசியா வெந்தயம், பொன்னிறத்துல நிறுத்தணும். கரண்ட் அடுப்பை அணைச்சாலும் அது சூடாவே இருக்கும், அதனால சட்டியைத் தூக்கி உடனே தட்டுல கொட்டணும்.

மில்காரன்
எதுக்கு வறுக்கணும்? மில்லுக்கு வர்றதுல பாதி வெயில்ல காய்ஞ்சதுதான். பச்சை வாசனை புளித்தண்ணில கொதிச்சா போயிடும். வறுத்தா மணம் சீக்கிரம் போகும்.

அஞ்சறைப்பெட்டி
மணம் சீக்கிரம் போகும்ங்கறது சரி. ஆனா உங்க மில்லுக்கு வர்ற சாமான் ரெண்டு நாள் வெயில்ல கலகலன்னு காய்ஞ்சது. அந்தப் பொண்ணுகிட்ட இருக்கிற பருப்பு வறுக்காம சின்ன மிக்ஸில நைசா ஆகாது. குருணை அடியில தங்கும், சாம்பார் மாவா கெட்டியாகும்.

தேங்காய்ச்சில்லு
இவ்வளவு எதுக்கு? மல்லி, கடலைப்பருப்பு, மிளகாயை எண்ணெயில வறுத்து தேங்காயோட அரைச்சு விட்டா மணமே தனி. நான் பொடியே வாங்கறதில்ல.

மில்காரன்
அது அரைச்சுவிட்ட சாம்பாருங்க. அந்தப் பொண்ணு கேட்கறது டப்பால வைக்கிற பொடி. தேங்காய் சேர்த்தா நாலு நாள்ல சிக்கடிச்சிடும்.
சரி, மிளகாயை மட்டுமாவது வறுக்க வேண்டாம்னு எழுதுங்கம்மா. அந்த நெடிக்கு விடுதியில புகை அலாரம் அடிக்கும்.

அஞ்சறைப்பெட்டி
இதுல நீங்க சொல்றதுதான் சரி. ஓவன் இருந்தா குறைஞ்ச சூட்டுல பத்து நிமிஷம், காம்பு ஒடியற அளவுக்கு. நிறமும் மாறாது.
எல்லாம் நல்லா ஆறினப்புறம்தான் அரைக்கணும். சூடா அரைச்சா ஆவி தங்கிப் பொடி கட்டி தட்டும். மிக்ஸியையும் விட்டு விட்டு ஓட்டணும்.

அடுக்களை_அம்மா
கசந்த பொடியை என்ன செய்ய? பெருங்காயம் எதுல சேர்க்க?

அஞ்சறைப்பெட்டி
கருகின கசப்பு போகாது. வெந்தயம் இல்லாம புதுசா ஒரு பங்கு அரைச்சுக் கலந்தா குறையும், அவ்வளவுதான். பெருங்காயத்தைப் பொடில போடாதீங்க, தாளிப்புல போடுங்க.

மில்காரன்
பொடியிலேயே போட்டாதான் சாம்பார் சாம்பாரா இருக்கும். கட்டிப் பெருங்காயத்தை எண்ணெயில பொரிச்சுச் சேர்க்கச் சொல்லுங்க.