பொருள்: ‘நோன் குட்’ பாகத்துக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

அல்சூரிலிருந்து:
அனைவருக்கும் வணக்கம். செல்போன் பழுதுபார்க்கக் கற்கும் பிள்ளைகளுக்கான கையேட்டில் ஒரு சொல் இடறுகிறது. இயர்போனில் ஒரு பக்கம் கேட்கவில்லை என்றால் செட், ஒயர், காதுமுனை மூன்றின் இடத்திலும் ‘நோன் குட்’, அதாவது நன்றாக வேலை செய்கிறது என்று ஏற்கெனவே தெரிந்த ஒன்றைப் போட்டுப் பார்க்கிறோம். செயலுக்கு ‘மாற்றுச் சோதனை’ என்றும் பொருளுக்கு ‘நல்ல பாகம்’ என்றும் எழுதியிருக்கிறேன். பொருந்துகிறதா?

சிவாஜிநகரிலிருந்து:
‘நல்ல பாகம்’ போதும் அண்ணா. எஸ்.பி. ரோட்டில் புது ஒயர் ஒன்று வாங்கிப் பிரித்தால் அதுதான் நல்ல பாகம். போட்டதும் சத்தம் வந்தால் பழைய ஒயர் போச்சு. இதற்கு மேல் சொல்ல என்ன இருக்கிறது?

ராஜாஜிநகரிலிருந்து:
இருக்கிறது தம்பி. புதிது என்பதற்காக அது நல்லது ஆகிவிடாது. உறையிலிருந்து எடுத்த ஒயரிலும் ஒரு பக்கம் செத்திருக்கலாம். வேறொரு செட்டில் மாட்டி, இரண்டு காதிலும் கேட்டு, அதன் பிறகே சோதனைக்கு எடுக்க வேண்டும். அதனால் ‘தேறிய பாகம்’ என்பது என் பரிந்துரை. சோதனை முடிந்துவிட்டது என்பதை அந்தச் சொல்லே காட்டிவிடும்.

சத்தம் வந்ததும் நிறுத்தக்கூடாது என்பதற்கு ஒரு கேஸ். ஒயரைக் கழற்றி மாட்டக்கூடிய இயர்போன், 3.5 மி.மீ. பின், இடது பக்கம் சத்தமில்லை. செட்டின் ஒலிச் சமநிலை நடுவில் இருக்கிறதா என்று முதலில் பார்த்தாயிற்று. தேறிய இயர்போனை முழுதாக அந்தச் செட்டில் மாட்டினால் இரு பக்கமும் கேட்கிறது. செட் தப்பித்தது. இப்போது பழைய ஒயரிலேயே காதுமுனைகளை இடம் வலமாக மாற்றி மாட்டுங்கள். காதில் சரியாக உட்காராது, கையால் பிடித்துக்கொண்டு கேட்டால் போதும். மௌனம் வலப்பக்கம் போனால் காதுமுனை பழுது. இந்தக் கேஸில் இடப்பக்கமே நின்றது, ஆகவே ஒயர். தேறிய ஒயரைப் போட்டதும் இரு பக்கமும் வந்துவிட்டது.

இந்த இடத்தில்தான் பலரும் பழைய ஒயரைக் குப்பையில் போடுகிறார்கள். அதைத் திரும்ப மாட்டிப் பாருங்கள். மௌனமும் திரும்பி வந்தால் ஒயர்தான் பழுது. வரவில்லை என்றால், கழற்றி மாட்டியதில் பின்னின் அழுக்கு தேய்ந்து தொடர்பு சரியாகியிருக்கும், அல்லது ஒயருக்குள் விட்டுவிட்டுத் தொடும் முறிவு இருக்கும். பாட்டு ஓடும்போது பின்னின் கழுத்தையும் ஒயர் இரண்டாகப் பிரியும் இடத்தையும் மெதுவாக வளைத்தால் எது என்று தெரியும்.

விவேக்நகரிலிருந்து:
இதே பிரச்சினைதான் எனக்கும். இயர்போனுக்காக டைப்-சி துளையில் மாட்டும் குட்டி கன்வெர்டர் தங்கை செட்டில் வேலை செய்கிறது, என் செட்டில் சத்தமே இல்லை. கன்வெர்டர் தேறிய பாகம் என்றால் என் செட் பழுதுதானே? போர்டு மாற்றச் சொல்கிறார்கள்.

ராஜாஜிநகரிலிருந்து:
அவசரப்படாதீர்கள் அம்மா. அந்தக் கன்வெர்டரில் இரண்டு வகை. ஒன்றில் உள்ளே சிப் இருக்கும், செட் அனுப்பும் டிஜிட்டல் தகவலை அதுவே ஒலியாக்கும். மற்றதில் வெறும் கம்பிதான், செட்டே துளை வழியாக ஒலியை அனுப்பினால்தான் பேசும். எல்லா செட்டும் அப்படி அனுப்புவதில்லை. சிப் உள்ள ஒன்றை வாங்கி, அதைத் தேற்றிவிட்டு மாட்டிப் பாருங்கள். சில செட்களில் அமைப்புகளுக்குள், துளையில் மாட்டும் கருவிகளை ஏற்கவைக்கும் ஓ.டி.ஜி.யையும் இயக்க வேண்டியிருக்கும். அதிலும் சத்தமில்லை என்றால் பிறகு துளையையும் போர்டையும் பற்றிப் பேசலாம்.

உங்கள் கேள்வியால் என் சொல்லின் குறையும் தெரிகிறது. தங்கை செட்டில் தேறியது உங்கள் செட்டுக்குத் தேறியதாகாது. உங்கள் செட்டின் வகையைச் சேர்ந்த இன்னொரு செட்டில் தேறியிருக்க வேண்டும்.

ஜெயநகரிலிருந்து:
தமிழாசிரியை என்ற முறையில் ஒன்று. ‘மாற்றுச் சோதனை’ என்றால் வேறொரு விதமான சோதனை என்று பிள்ளைகள் படிப்பார்கள். பத்தரை மாற்றுத் தங்கம் என்கிறோமே, அந்த மாற்றும் நினைவுக்கு வரும். பொன்னின் தரத்தை உரைகல்லில்தான் பார்ப்பார்கள். ‘உரைகல் பாகம்’ என்றால் என்ன?

ராஜாஜிநகரிலிருந்து:
அழகாக இருக்கிறது டீச்சர். ஆனால் உரைகல்லில் பொன்னைத் தேய்க்கிறோம், பொன்னின் இடத்தில் கல்லை வைப்பதில்லை. இங்கே பழையதை எடுத்துவிட்டு அதே இடத்தில் வைக்கிறோம்.

சிவாஜிநகரிலிருந்து:
கடையில் ‘மாத்திப் போட்டுப் பாரு’ என்றுதான் சொல்வோம். அதையே எழுதினால் என்ன?

அல்சூரிலிருந்து:
செயலுக்கு ‘மாற்றிப்போட்டுப் பார்த்தல்’, பொருளுக்குத் ‘தேறிய பாகம்’ என்று திருத்திவிட்டேன். எந்த வகைச் செட்டில் தேறியது என்று பாகத்தின் மேலேயே ஒட்டி வைக்கும்படியும் சேர்த்திருக்கிறேன். காதுமுனைகளை இடம் வலமாக மாற்றுகிறோமே, அதில் தேறிய பாகம் எதுவும் இல்லை, இருப்பதையே இடம் மாற்றுகிறோம். அதையும் இதே பெயரில் அழைக்கலாமா, தனிச்சொல் வேண்டுமா?

ஜெயநகரிலிருந்து:
தனிச்சொல் வேண்டும். ‘இடவலம் மாற்றல்’?

ராஜாஜிநகரிலிருந்து:
இரண்டு செட்டுக்கு இடையே ஒயரை மாற்றும்போது இடம் வலம் எங்கே இருக்கிறது டீச்சர்? வேறு யோசிப்போம்.