சிலை மேல் படியும் ‘பாட்டினா’வுக்குத் தமிழ் என்ன? (வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது)

ஜெலுத்தோங்கிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் கோயில் மண்டபத்தில் பழைய புகைப்படங்களின் கண்காட்சி வைக்கிறோம். தமிழ் அட்டைகளை எழுதுவது என் பொறுப்பு. ஒரு படத்தில் மட்டும் சிக்கிக்கொண்டேன். எழுபதுகளில் எடுத்த வண்ணப்படம். நின்ற கோலத்தில் அம்மன் உற்சவர், பக்கத்தில் வெள்ளை வேட்டியோடு குருக்கள், முன்னால் குத்துவிளக்கு. ஆங்கில அட்டை ‘வெண்கலம்’ என்கிறது, மலாய் அட்டை செம்பைக் குறிக்கும் ‘தெம்பாகா’ என்கிறது, நிர்வாகத்தினர் ‘பித்தளை’ என்று எழுதித் தந்திருக்கிறார்கள். மாணவர்களுக்கான குறிப்பில் “நீங்கள் பார்ப்பது உலோகத்தின் நிறம் அல்ல, பாட்டினாவின் நிறம்” என்று ஒரு வரி வருகிறது. அதற்கு என்ன சொல் போடுவது? படத்தை இணைத்திருக்கிறேன்.

ஈப்போவிலிருந்து:

டீச்சர், புதுச்சொல் எதற்கு? களிம்பு இருக்கிறதே! செம்பில் களிம்பு போல உயிரில் ஆணவம் என்று சைவ சித்தாந்தம் படித்த எவரும் சொல்வார். “களிம்பறுத்தான் எங்கள் கண்ணுதல் நந்தி” என்பது திருமூலர் வாக்கு. களி, களிமண், களிம்பு எல்லாம் ஒட்டிப் பூசிக்கொள்ளும் தன்மையைக் குறிக்கும் ஒரே வேரில் கிளைத்தவை என்பது என் துணிபு. ‘குழம்பு’வையும் இந்தக் குடும்பத்தில் சேர்க்கலாம். இவ்வளவு பழைய சொல்லை விட்டுவிட்டு வேறொன்றைத் தேட வேண்டாம்.

கிள்ளானிலிருந்து:

ஐயா, கிளினிக்கில் நோயாளிகளுக்குத் தமிழில் மருந்து விளக்குவது என் வேலை. களிம்பு என்றால் இன்று சொறிக்குத் தடவுகிற மருந்துதான். பதினான்கு வயதுப் பிள்ளை “அம்மன் மேல் களிம்பு” என்று படித்தால் யாரோ தைலம் பூசியதாகத்தான் நினைக்கும். ‘பச்சைப் படலம்’ என்று போடுங்கள், எல்லாருக்கும் புரியும். பச்சை பிடித்தால் வெண்கலம், மஞ்சளாக இருந்தால் பித்தளை, சிவந்திருந்தால் செம்பு. இதைச் சொன்னாலே மாணவர்களுக்குப் போதும்.

பட்டர்வொர்த்திலிருந்து:

தம்பி சொன்னதில் பாதி சரி. தேய்த்துத் துலக்கிய இடத்தில் பார்த்தால் மஞ்சளும் சிவப்பும் பெரும்பாலும் பொருந்தும். பச்சை மட்டும் எதையும் பிரித்துக் காட்டாது. செம்பு, வெண்கலம், பித்தளை மூன்றிலும் செம்புதான் பெரும்பங்கு, அதனால் ஈரத்தில் கிடந்தால் மூன்றுமே பச்சை பிடிக்கும். மண்ணுக்குள் புதைந்து கிடந்து வந்த திருமேனிகள்தான் கெட்டியாகப் பச்சை பூண்டிருக்கும். பூசையில் இருக்கிற உற்சவருக்கு எண்ணெயும் பாலும் புகையும் ஏறி, காப்பிப்பொடி நிறத்திலோ கறுப்பாகவோ படியும். அதுவும் பாட்டினாதான். ஆகவே ‘பச்சை’ என்று தொடங்கும் சொல் வேண்டாம்.

சுவாமிமலைப் பட்டறையில் வேலை பழகியவன் என்பதால் டீச்சர் அனுப்பிய படத்தைச் சற்று நிதானமாகப் பார்த்தேன்.

முதலில் வேட்டியைப் பாருங்கள். வெள்ளையாக இருக்க வேண்டியது ரோஜா நிறமாக இருக்கிறது. அந்தக் காலத்து வண்ண அச்சுகளில் நீலச்சாயம் முதலில் மங்கிவிடும், படம் முழுக்கச் சிவப்பாகிவிடும். ‘தெம்பாகா’ என்று எழுதியவர் இந்தச் சிவப்பை நம்பியிருப்பார் என்று நினைக்கிறேன். கணினியில் வேட்டி வெள்ளையாகும்வரை சிவப்பைக் குறைத்தேன். அப்போது குத்துவிளக்கு எலுமிச்சை மஞ்சளுக்கு வந்தது. அம்மனின் மூக்கு நுனியும் முழங்காலும் மஞ்சளாகவில்லை, பழுப்பு கலந்த பொன்னிறத்தில் நின்றன. துணி துடைத்துத் துடைத்துப் பளபளப்பான இடங்கள் அவை, படிவு தங்காது. உலோகத்தின் சொந்த நிறத்தை அங்கேதான் பார்க்க வேண்டும். ஒட்டியாணத்தின் இடுக்குகளைப் பார்த்து முடிவு செய்தால் எல்லாச் சிலையும் கறுப்புத்தான். ஆக, இது விளக்கில் உள்ள அதே பித்தளை அல்ல என்று துணிந்து சொல்லலாம்.

எண்ணெய் ஊறிய கருங்கல்லும் படத்தில் உலோகம் போலவே மின்னும், அதனால் கல்லா என்று யாராவது கேட்கக்கூடும். தொங்கும் இடக்கைக்கும் இடுப்புக்கும் நடுவே பின்சுவர் தெரிகிறது. கல் இழுவிசை தாங்காது. அவ்வளவு மெல்லிய கையைத் தனியாக விட்டால் ஒடிந்துவிடும் என்று சிற்பி நடுவே கல்லைச் செதுக்காமல் விட்டுவைப்பார். பீடத்தின் பக்கங்களில் தண்டு செருகும் வளையங்களும் இருக்கின்றன. இது தூக்கிச் செல்ல வார்த்த மேனி.

இனி வார்ப்பு. மெழுகில் உரு செய்து, வண்டல் மண் பூசி, மெழுகை உருக்கி வடித்துவிட்டு உலோகம் ஊற்றினால் உடம்பில் எங்கும் ஒட்டுவரி இருக்காது, அச்சை உடைத்துத்தான் எடுக்க வேண்டும். மணலில் இரண்டு பாதி அச்சாக வார்த்தால் பக்கவாட்டில் ஒரு வரி ஓடும். அதை அரத்தால் ராவிவிடுவார்கள், ஆனாலும் அரம் நுழையாத காதுக்குப் பின்னும் அக்குளிலும் மிச்சம் இருக்கும். இந்தப் படம் சற்றுத் திரும்பிய கோணம், இடக்காதின் பின்பக்கம் தெரிகிறது. பெரிதாக்கிப் பார்த்தேன், வரி எதுவும் இல்லை. மெழுகு வார்ப்பு என்றே நினைக்கிறேன்.

ஆனால் வெண்கலமா செம்பா என்பதைப் புகைப்படம் சொல்லாது. நம் திருமேனிகளில் வெள்ளீயமும் ஈயமும் நூற்றுக்குச் சில பங்குதான், அதனால் நிறம் செம்பை ஒட்டியே இருக்கும். சுத்தச் செம்பை வார்ப்பது கடினம், காற்றுக்குமிழி விழும் என்பதால் கலவையாகத்தான் இருக்கும் என்று ஊகிக்கலாம். பிற்காலத்து ஐம்பொன்னில் துத்தநாகமும் சேர்ந்திருக்கும். சதவீதம் வேண்டுமானால் கருவி வைத்துச் சோதிக்க வேண்டும்.

ஈப்போவிலிருந்து:

அருமை. ஒன்றைச் சேர்க்கிறேன். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் இவற்றைச் செம்பாலானவை என்றே சொல்கின்றன, உள்ளே கெட்டியாக இருந்தால் ‘கனமாக’ வார்த்தது, கூடாக இருந்தால் ‘பொள்ளலாக’ வார்த்தது என்று வேறுபடுத்தியும் எழுதுகின்றன. அட்டைக்குச் ‘செப்புத் திருமேனி’ என்பதைவிட நேர்மையான பெயர் கிடையாது. அப்புறம், மலாய்க்காரர்கள் வெண்கலத்தைக் ‘கங்சா’ என்பது நம் ‘கஞ்சம்’தான், கஞ்சக்கருவியில் வருகிற அதே கஞ்சம். இரண்டும் வடமொழிக் ‘கம்ஸ’த்திலிருந்து போனவை என்பார்கள். வெண்கல வேலை செய்வோரைக் குறிக்கும் ‘கன்னார்’ என்ற சொல் இருக்கும்போது நான் அதை அப்படியே ஒத்துக்கொள்ள மாட்டேன். இதைத் தனி மடலில் எழுதுகிறேன்.

சுங்கை பட்டாணியிலிருந்து:

என் பாட்டியின் பித்தளை விளக்கிலும் பச்சை பிடித்திருக்கிறது. புளி போட்டுத் துலக்கினால் போய்விடுகிறது, இரண்டு வாரத்தில் அதே இடத்தில் மாவு மாதிரி வெளிர்பச்சை வந்துவிடுகிறது. இதுவும் நீங்கள் சொல்லும் களிம்புதானா? துலக்கலாமா?

பட்டர்வொர்த்திலிருந்து:

அக்கா, அது வேறு. கெட்டியாக வழவழவென்று ஒட்டியிருக்கும் படிவு உலோகத்தைக் காக்கும். நகத்தால் சுரண்டினால் மாவாக உதிர்ந்து, அடியில் குழி தெரிந்தால் உப்பு உள்ளே இறங்கி உலோகத்தைத் தின்கிறது. நம் ஊர்க் கடற்காற்றும் ஈரமும் அதற்குத் தோது. புளியில் உப்பு சேர்த்துத் துலக்குகிறீர்கள் என்றால் முதலில் அதை நிறுத்துங்கள். நல்ல தண்ணீரில் பலமுறை கழுவி, நன்றாகக் காயவைத்து, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். விளக்குக்கு இது போதும். பழைய திருமேனியில் இதைக் கண்டால் யாரும் கை வைக்கக் கூடாது, பாதுகாப்பு வேலை தெரிந்தவரை அழைக்க வேண்டும்.

டீச்சர், இந்த வேறுபாட்டுக்காகவே இரண்டு சொல் வேண்டும் என்கிறேன். தின்கிற பச்சைக்குக் களிம்பு, காக்கிற மேல்தோலுக்கு வேறு.

கிள்ளானிலிருந்து:

அப்படியானால் ‘காலப்படிவு’? பச்சையும் இல்லை, மருந்தும் இல்லை.

ஈப்போவிலிருந்து:

படிவு என்றால் ஆற்று வண்டல். மேலிருந்து வந்து விழுந்தது என்ற பொருள் வந்துவிடும். இது உலோகமே மாறிப் பூத்தது. ‘பூப்பு’ என்று வேண்டுமானால் ஒத்துக்கொள்வேன்.

ஜெலுத்தோங்கிலிருந்து:

ஐயா, பள்ளிப் பிள்ளைகள் பார்க்கிற அட்டையில் அம்மனுக்குப் பக்கத்தில் ‘பூப்பு’ என்று போட முடியாது, மன்னிக்க வேண்டும்.

இப்படி எழுதி அனுப்பிவிட்டேன்: “செப்புத் திருமேனி, மெழுகு வார்ப்பாக இருக்கலாம். கருமை உலோகத்தின் நிறம் அல்ல, காலப்படிவு. தேய்ந்த மூக்கு நுனியில் உலோகத்தின் நிறத்தைக் காணலாம்.” நிர்வாகத்தில் ஒருவர் இன்னும் பித்தளைதான் என்கிறார். அடுத்த திருமஞ்சனத்தின்போது பீடத்தின் அடிப்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புகிறேன்.

ஈப்போவிலிருந்து:

அச்சேறியது ஏறட்டும். கலைச்சொல் பட்டியலில் சேர்க்கும்போது என் மறுப்பையும் பதிய வேண்டும்: களிம்பே சரி, மருந்துக்குத்தான் வேறு சொல் தேட வேண்டும்.